மனை பிரோஷரைக் கீழே இருந்து மேலே படிங்க: பாலக்கோடு பக்கம் ஒரு லேஅவுட் கணக்கு

போன வாரம் மனைக் கடன் வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி கேட்டிருந்தீங்க. "பிரோஷர்ல டிடிசிபி, ரெரா ரெண்டுமே போட்டிருக்கு, அட்வான்ஸ் கொடுக்கலாமா?" அப்படின்னு. ரெண்டு வரியில பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால இந்தப் பதிவுல ஒரே ஒரு பிரோஷரை எடுத்து, அதை முழுசாப் பிரிச்சுப் பார்க்கலாம்.

இடம் பாலக்கோடு. தக்காளி மண்டிக்கும் சர்க்கரை ஆலைக்கும் பேர் போன ஊர். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியா தருமபுரி போற தேசிய நெடுஞ்சாலை 844 நாலு வழிச் சாலையா மாற ஆரம்பிச்சதிலிருந்து, இந்த ரோட்டை ஒட்டின விவசாய நிலத்துக்கு மனை விலை பேசறாங்க. ஓசூர், பெங்களூர்ல வேலை பார்க்கிற பசங்க சொந்த ஊர்ல ஒரு மனை வாங்கிப் போடணும்னு நினைக்கிறதும் இயல்புதான். நான் இங்க எடுத்துக்கிற பிரோஷர் எந்த ஒரு நிறுவனத்தோடதும் இல்லை. இந்த மாதிரி நோட்டீஸ்கள்ல வழக்கமா இருக்கிற விஷயங்களை வெச்சு நானே போட்ட மாதிரி. விலையும் கணக்குக்காக வெச்சது, பாலக்கோட்டு மார்க்கெட் விலைன்னு எடுத்துக்காதீங்க.

நம்ம மாதிரி பிரோஷர் இப்படி இருக்கு. ஒரு பக்கம் முழுக்க கலர் கலரா மனைப் படம்: 5 ஏக்கர், 130 மனை, ஒவ்வொண்ணும் 30-க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. எல்லா ரோடும் 30 அடி. நடுவுல பச்சையா ஒரு பூங்கா. படத்துக்குக் கீழே வரிசையா சின்னச் சின்னச் சின்னங்கள்: தார் ரோடு, தெரு விளக்கு, குடிநீர், பூங்கா, மரக்கன்று, சிசிடிவி, "பதிவு இலவசம்". அதுக்கும் கீழே மூலையில, கண்ணாடி போட்டாத்தான் தெரியற எழுத்துல ஒரு பெட்டி. அதுல அங்கீகார எண், ரெரா எண், சர்வே எண், கூடவே "படங்கள் மாதிரிக்கு மட்டுமே, மாற்றத்துக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி.

கண்ணு முதல்ல படத்துக்குப் போகும், அடுத்து சின்னங்களுக்கு. பெட்டி வரைக்கும் பல பேர் வர்றதே இல்லை. வடிவமைப்பே அப்படித்தான். நாம தலைகீழா, பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். படத்தையும் சின்னங்களையும் சரிபார்க்கத் தேவையான சாவி அங்கேதான் இருக்கு.

முதல்ல அந்தச் சின்னப் பெட்டி

பெட்டியில இருக்கிற ரெண்டு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு மாற்று இல்லை. டிடிசிபி எண், அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட அங்கீகாரம், இந்த நிலத்தை இந்த வரைபடப்படி மனையாப் பிரிக்கலாம்னு சொல்லுது. ரெரா எண், இந்த மனைகளை விளம்பரம் பண்ணி விற்கலாம்னு சொல்லுது. நிலம் விற்கிறவருக்குத்தான் சொந்தமா என்பதை இந்த ரெண்டு எண்ணும் உறுதி பண்றது இல்லை. அதுக்கு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் பார்வை தனியா வேணும்.

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தோட 3-வது பிரிவுப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற நிலத்தை மனையாப் போட்டா ரெரா பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டர்னா சுமார் பன்னிரண்டரை சென்ட்தான். பதிவு கிடைக்கிற வரைக்கும் விற்கக் கூடாது, முன்பதிவு வாங்கக் கூடாது, விளம்பரமே பண்ணக் கூடாது. அதனால பெட்டியில "ரெராவுக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது"ன்னு இருந்தா, அந்த பிரோஷர் உங்க கையில இருக்கிறதே சட்டப்படி தப்பு. அதே சட்டத்தோட 11(2) பிரிவு, விளம்பரத்துல ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தோட இணையதள முகவரியும் எடுப்பாத் தெரியணும்னு சொல்லுது. மூலையில எறும்பு எழுத்துல இருக்கிறது எடுப்பா இருக்குன்னு யாரும் சொல்ல முடியாது.

"பஞ்சாயத்து அப்ரூவல்"னு மட்டும் போட்டிருந்தா அதோட கதை வேற. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர்ல, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணத் தடை போட்டது. அதுக்கப்புறம் 2017-ல வரன்முறை விதிகள் வந்தப்போ, 2016 அக்டோபர் 20-க்குள்ள உருவான மனைகளுக்குத்தான் வரன்முறை வாய்ப்பு கிடைச்சது. இன்னைக்குப் புதுசா பஞ்சாயத்து பேரை மட்டும் சொல்லி விற்கிற லேஅவுட்டுக்கு அந்தக் கதவு திறக்காது.

நம்ம பிரோஷர்ல ரெண்டு எண்ணும் இருக்கு. சந்தோஷம். எண் இருக்குன்னு நம்பி விட்டுடாம, rera.tn.gov.in தளத்துல அந்த எண்ணைத் தேடுங்க. திட்டத்தோட பேர், நிறுவனத்தோட பேர், கிராமம், சர்வே எண் எல்லாம் பிரோஷரோட பொருந்தணும். முக்கியமா, எத்தனை மனைக்கு அங்கீகாரம்னு பாருங்க. அங்கீகரிச்ச வரைபடத்தோட நகலை விற்கிறவர்கிட்டயும் கேளுங்க. 19(1) பிரிவுப்படி மனை வாங்கறவருக்கு அதைத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு. "முதல்ல டோக்கன் போடுங்க, அப்புறம் காட்டறோம்"னு சொன்னா, அங்கேயே நிறுத்திக்கலாம்.

படத்தை ஒரு கணக்குல சோதிக்கலாம்

அங்கீகார வரைபடம் கைக்கு வர ரெண்டு நாள் ஆகும்னு வைங்க. அதுக்குள்ள பிரோஷர் படத்தை மட்டும் வெச்சே ஒரு சோதனை போட முடியும். போன்ல இருக்கிற கால்குலேட்டர் போதும்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 5 ஏக்கர் 2,17,800 சதுர அடி. 130 மனையை 1,200 ஆல் பெருக்கினா 1,56,000. மீதி 61,800 சதுர அடி. ரோடும் பூங்காவும் இதுக்குள்ள அடங்கணும்.

இப்போ ரோடு. 30-க்கு 40 மனைக்கு முகப்பு 30 அடி. முன்னால 30 அடி ரோடு ஓடுது. அந்த ரோடு எதிர் வரிசை மனைக்கும் பொது. அதனால ஒரு மனையோட பங்கு பாதி ரோடு, 15 அடி. 30-ஐ 15 ஆல் பெருக்கினா 450 சதுர அடி. எவ்வளவு சிக்கனமா லேஅவுட் போட்டாலும் ஒவ்வொரு மனைக்கும் குறைஞ்சது இவ்வளவு ரோடு போயிடும். 130 மனைக்கு 58,500 சதுர அடி. குறுக்கு ரோடுகளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

61,800-ல 58,500 போனா மிச்சம் 3,300 சதுர அடி. ஏழரை சென்ட். மொத்தப் பூங்காவும் இதுக்குள்ள இருக்கணும்.

ஆனா விதி என்ன சொல்லுது? தமிழ்நாட்டுல 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, ரோடு போக மீதி நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, அதுல 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுத்தாகணும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர் நிலம்னு சொல்றாங்க. நம்ம லேஅவுட்ல ரோடு போக 1,59,300 சதுர அடி, அதாவது 14,000 சதுர மீட்டருக்கு மேல. 10 சதவீதம்னா 15,930 சதுர அடி, முப்பத்தாறு சென்ட்டுக்கு மேல.

முப்பத்தாறு சென்ட் இருக்க வேண்டிய இடத்துல ஏழரை சென்ட். குறையறது 12,630 சதுர அடி. அதை 1,200 ஆல் வகுத்தா பத்து மனைக்கு மேல வருது. அப்போ இந்த பிரோஷர்ல மூணுல ஒண்ணு பொய்யா இருக்கணும். எல்லா ரோடும் 30 அடி இல்லை, அல்லது எல்லா மனையும் 1,200 சதுர அடி இல்லை, அல்லது அங்கீகார வரைபடத்துல பூங்காவா இருக்கிற இடத்துல பத்து மனை முளைச்சிருக்கு.

மூணாவதுதான் ஆபத்து. அப்படி ஒரு மனையை வாங்கினவர் கையில இருக்கிறது உள்ளாட்சிக்குப் போக வேண்டிய நிலம். பணம் முழுசாக் கொடுத்தும் பிளான் அப்ரூவல் கிடைக்காது, பேங்க் கடன் கிடைக்காது.

இந்தக் கணக்குக்கும் எல்லை இருக்கு. மனைகள் வேற வேற அளவுல இருந்தாலோ, ஏற்கெனவே இருக்கிற பொது ரோட்டைப் பார்த்து ஒரு வரிசை இருந்தாலோ எண்ணிக்கை மாறும். அதனால கணக்கு இடிச்சதும் திருட்டுன்னு முடிவு கட்டிடாதீங்க. அங்கீகார வரைபடத்துல "பரப்பு விவரம்"னு ஒரு பட்டியல் இருக்கும். மொத்தப் பரப்பு எவ்வளவு, ரோடு எவ்வளவு, பூங்கா எவ்வளவு, மனை எத்தனைன்னு அதுல தெளிவா வரும். பிரோஷர்ல உங்களுக்குக் காட்டற மனை எண் அந்த வரைபடத்துல இருக்கா, அதே இடத்துல, அதே நீள அகலத்துல இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் கடைசி எண்கள்லதான் வித்தியாசம் தெரியும். வரைபடத்துல 118-ஓட முடிஞ்சு, பிரோஷர்ல 130 வரைக்கும் போனா, 119-லிருந்து 130 வரைக்கும் எதுக்கும் கை நீட்டாதீங்க.

இன்னொரு விஷயம், பிரோஷர் படம் லேஅவுட் எல்லையோட நின்னுடும். எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. நிஜத்துல அங்கே ஓடை இருக்கலாம், கல்குவாரி இருக்கலாம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வர்ற வழி யாரோ ஒருத்தரோட பட்டா நிலத்துல இருக்கலாம். eservices.tn.gov.in தளத்துல சர்வே எண் போட்டா புல வரைபடமும் அ-பதிவேடு விவரமும் வரும். லேஅவுட் சர்வே எண்ணோட நிறுத்தாம, பக்கத்து எண்களையும், குறிப்பா வழி வர்ற எண்ணையும் போட்டுப் பாருங்க.

சின்னங்களை நாலு கூறாப் பிரிங்க

சின்னங்கள் எல்லாம் ஒரே அளவுல, ஒரே கலர்ல இருக்கும். அதனால எல்லாத்துக்கும் ஒரே மதிப்புன்னு தோணும். உண்மையில அதுல நாலு வகை கலந்து கிடக்கு.

முதல் வகை, வரைபடத்திலேயே இருக்கிறது: ரோடும் பூங்காவும். இதுக்கு அத்தாட்சி தானப் பத்திரம். ரோடும் பூங்காவும் உள்ளாட்சி பேருக்குப் பதிவான தானப் பத்திரம் மூலமாப் போகும். பதிவான பத்திரம்னா வில்லங்கச் சான்றுல வந்தாகணும். tnreginet.gov.in-ல அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டு, உள்ளாட்சி பேர்ல தானம் பதிவாகியிருக்கான்னு பாருங்க. எவ்வளவு பரப்புன்னும் அதிலேயே தெரியும்.

ரெண்டாவது வகை, செஞ்சு கொடுக்க வேண்டிய வேலை: தார் ரோடு, விளக்கு, தண்ணீர். இதுல "என்ன" என்பதை விட "எப்போ, எவ்வளவு" முக்கியம். குடிநீர்னா போர் போட்டு ஒரு டேங்க் வெக்கிறதா, ஒவ்வொரு மனைக்கும் குழாயா? சின்னத்துல ஒரு துளி படம்தான் இருக்கும். விற்பனை ஒப்பந்தத்துல வார்த்தையா எழுதி வாங்குங்க. வேலையை முடிக்கிறதா ரெராவுல சொன்ன தேதியும் ஒப்பந்தத்துல இருக்கிற தேதியும் ஒண்ணா இருக்கணும்.

மூணாவது வகை, விற்கிறவரோடது இல்லாதது: "நெடுஞ்சாலை 5 நிமிடம்", "ரயில் நிலையம் அருகில்", "பள்ளி, மருத்துவமனை அருகில்". பாலக்கோட்டுல ரயில் நிலையம் இருக்கு, நெடுஞ்சாலை இருக்கு. அதெல்லாம் உண்மைதான். ஆனா அது ஊரோட சொத்து. அதுக்காக சதுர அடிக்கு நூறு ரூபா கூடக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அதே தூரத்துல இருக்கிற மத்த மனை என்ன விலைன்னு விசாரிங்க.

நாலாவது வகைதான் ஒரு ஆடிட்டரா என் கண்ணை உறுத்தறது: "பதிவு இலவசம்".

இலவசப் பதிவுக்கு யார் பணம் கட்டறாங்க?

நம்ம மனை சதுர அடி 800 ரூபான்னு வெச்சுக்கலாம். 1,200 சதுர அடிக்கு 9,60,000. அரசு வழிகாட்டி மதிப்பு 300 ரூபான்னு வெச்சா 3,60,000.

தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, மாற்று வரி ரெண்டும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். முழு விலைக்குப் பதிவு பண்ணா 86,400 ரூபா. வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பண்ணா 32,400. "இலவசம்"னு சொல்ற பல இடத்துல நடக்கிறது இந்த ரெண்டாவது. பத்திரத்துல 3,60,000, மீதி 6 லட்சம் கையில ரொக்கமா. இதுல 54,000 ரூபா மிச்சம் பிடிச்சது விற்கிறவர்.

இப்போ உங்க பக்கம் பார்ப்போம். அஞ்சு வருஷம் கழிச்சு இந்த மனையை 15 லட்சத்துக்கு, முழுக்க பேங்க் வழியா விற்கறீங்க. உண்மையான லாபம் 5,40,000. பத்திரப்படி லாபம் 11,40,000. காட்டாத அந்த 6 லட்சத்துக்கும் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதாவது 75,000 ரூபா, செஸ் சேர்க்காம. மிச்சம் அவருக்கு 54,000, செலவு உங்களுக்கு 75,000.

அதைவிடப் பெரிய இழப்பு வேற இடத்துல இருக்கு. லேஅவுட்ல பிரச்சினை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கிற நிலைமை வந்தா, உங்க கையில ஆதாரம் 3,60,000-க்குத்தான். மீதி ஆறு லட்சம் கொடுத்ததா நீங்கதான் நிரூபிக்கணும். மனைக் கடன் கேட்டாலும் பேங்க் பார்க்கிறது பத்திர மதிப்பை. சொத்து பரிவர்த்தனையில 20,000 ரூபாவும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டத்துல தடை. அபராதம் வாங்கினவருக்குத்தான், ஆனா அந்தப் பணம் எங்கிருந்து வந்ததுங்கிற கேள்வி உங்களுக்கும் வரும்.

அதனால முழு விலைக்கே பதிவு பண்ணுங்க. 10 லட்சம் வரைக்குமான சொத்தை பெண் பேர்ல பதிவு பண்ணா, 2025 ஏப்ரல் 1-லிருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. நம்ம கணக்குல அது 9,600 ரூபா. சட்டப்படி கிடைக்கிற சலுகை, எடுத்துக்கலாம்.

"ஜிஎஸ்டி தனி"ன்னு ஒரு வரி இருந்தா அதையும் கேளுங்க. ரோடு, வடிகால் எல்லாம் போட்ட மனையா இருந்தாலும் நிலம் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லைன்னு மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட்ல சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியிருக்கு.

"மாதிரிக்கு மட்டுமே"ன்னு போட்டா தப்பிச்சுக்கலாமா?

பெட்டியோட கடைசி வரிக்கு வருவோம். "படங்கள் மாதிரிக்கு மட்டுமே, மாற்றத்துக்கு உட்பட்டவை." இதைப் படிச்சதும், பிரோஷருக்கு மதிப்பே இல்லைன்னு பல பேர் தூக்கிப் போட்டுடறாங்க. தூக்கிப் போடாதீங்க.

ரெரா சட்டத்தோட 12-வது பிரிவு, விளம்பரத்திலேயோ பிரோஷரிலேயோ இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கணும்னு சொல்லுது. அவர் திட்டத்தை விட்டு விலக நினைச்சா, போட்ட பணம் முழுசும் வட்டியோட திரும்ப வரணும். 14-வது பிரிவுப்படி, அங்கீகரிச்ச லேஅவுட்டை மாத்தணும்னா வாங்கினவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். "மாற்றத்துக்கு உட்பட்டது"ன்னு ஒரு வரி அச்சடிச்சா அந்தச் சம்மதம் கிடைச்சதா ஆகாது.

இது ரெரா வந்தப்புறம் புதுசா வந்த எண்ணமும் இல்லை. 2012-ல நார்னே கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்குல உச்ச நீதிமன்றம் முன்னால இதே கேள்வி வந்தது. வெறும் நிலத்தை இருக்கிறபடி விற்கிறது வேற, லேஅவுட் அங்கீகாரம், உள்கட்டமைப்பு, வசதி எல்லாம் செஞ்சு தர்றேன்னு சொல்லி மனை விற்கிறது வேறன்னு நீதிமன்றம் பிரிச்சுச் சொன்னது. ரெண்டாவது ஒரு "சேவை", அதனால நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம்னு தீர்ப்பு. அதாவது, விலையைக் கூட்டின அந்தச் சின்னங்களே விற்கிறவரைப் பொறுப்பாளி ஆக்குது.

ஆனா அதுக்கு நீங்க ஆதாரம் வெச்சிருக்கணும். பிரோஷரோட ரெண்டு பக்கத்தையும் வெச்சிருங்க, யார் எந்தத் தேதியில கொடுத்தாங்கன்னு பின்னாடி எழுதி வைங்க. வாட்ஸ்அப்ல வந்ததா இருந்தா அந்த மெசேஜை அழிக்காதீங்க. பிரோஷரை விற்பனை ஒப்பந்தத்தோட இணைப்பாச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு வர்ற முகபாவமே பாதி பதில் சொல்லிடும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்னு முதல்ல கேட்டீங்க இல்லையா, அதுக்கும் கணக்கு இருக்கு. 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்றதுக்கு முன்னாடி விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. நம்ம மனைக்கு 96,000 ரூபா. அதுவும் பேங்க் வழியா, ரசீதோட. பிரோஷர்ல "20 சதவீதம் கட்டி புக் பண்ணுங்க"ன்னு இருந்தா, 96,000-க்கு மேல கேட்கிற ஒவ்வொரு ரூபாவுக்கும் முதல்ல பதிவான ஒப்பந்தத்தைக் கேளுங்க.

உங்க கையில இப்போ ஒரு பிரோஷர் இருந்தா, மனை எண்ணிக்கை, மனை அளவு, ரோடு அகலம், மொத்த ஏக்கர் இந்த நாலையும் கமெண்ட்ல போடுங்க. கம்பெனி பேர் வேண்டாம். பூங்காவுக்கு எத்தனை சென்ட் மிச்சம் இருக்குன்னு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.